மூடினால் 47 காட்டும் மைக்ரோமீட்டர்: கூட்டுவதா, கழிப்பதா?

இரண்டாம் ஆண்டு | ஜூன் 3, இரவு 9.12

டிப்ளமோ படிக்கிறேன். ஆறு வாரப் பயிற்சிக்காக ஒரு கிரைண்டிங் பட்டறையில் விட்டிருக்கிறார்கள். என்னிடம் கொடுத்திருப்பது 0 முதல் 25 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர். வாயை மூடினால் சுழிக்குப் பதிலாக, சுழலும் உறையான திம்பிளின் 47ஆவது கோடு, சுழலாத உறையான ஸ்லீவில் உள்ள நெடுங்கோட்டோடு பொருந்தி நிற்கிறது.

பேரிங் உட்கார வேண்டிய ஷாஃப்ட் ஒன்றை அளந்தேன். 19.98 காட்டியது. வரைபடத்தின்படி 20.002இல் இருந்து 20.015 வரை இருக்கலாம். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூன்று கோடு பிழை இருக்கிறது, கழித்துக்கொள்" என்றார். கழித்தால் 19.95. ஷாஃப்ட் கழிவுத் தொட்டிக்குப் போய்விட்டது.

இரவு அறைக்கு வந்து பள்ளியில் படித்தபடி போட்டுப் பார்த்தேன். 100இல் 47 போக 53. ஆகவே 0.53 கூட்ட வேண்டும். விடை 20.51. பேரிங்கின் துளையே 20 மி.மீ. தான். எது சரி?

லேத்துக்காரன் | ஜூன் 3, இரவு 9.50

முதலில் அந்த ஷாஃப்ட்டைத் தொட்டியில் இருந்து எடு. அது 20.01. நல்ல ஷாஃப்ட்.

நீ எழுதிய இரண்டு கணக்கும் தவறு. உன் மைக்ரோமீட்டரின் திம்பிளைச் சுற்றி எண்ணிப் பார், 50 கோடுதான் இருக்கும். ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். எனவே 100இல் இருந்து கழிக்க அங்கே ஒன்றுமில்லை. 50இல் இருந்து கழி, மூன்று வரும்.

இப்போது 47 என்பது என்ன? கடிகாரத்தில் முள் 57இல் இருந்தால் "பன்னிரண்டாக மூன்று நிமிடம்" என்கிறோம் அல்லவா, அதே மாதிரி இதை "சுழியாக மூன்று கோடு" என்று படி. மூடிய வாய் 0.00 என்று சொல்ல வேண்டிய இடத்தில் உன் கருவி −0.03 என்று சொல்கிறது. எல்லா இடத்திலும் மூன்று கோடு குறைத்தே பேசுகிற கருவி அது. குறைத்துப் பேசுகிறவன் 19.98 என்றால் உண்மை 20.01.

கணக்காக எழுதினால்:

```
உண்மை = காட்டியது − பிழை
      = 19.98 − (−0.03)
      = 20.01
```

மேற்பார்வையாளர் "கழி" என்றது சரி. எதைக் கழிப்பது என்பதில்தான் வழுக்கிவிட்டார். பிழையின் முன்னால் இருக்கும் கழித்தல் குறியை மறந்துவிட்டு வெறும் மூன்றைக் கழித்திருக்கிறார்.

அடையாளம் வேண்டுமென்றால் இப்படி நினைவில் வை: வாய் மூடியிருக்கும்போது திம்பிளின் சுழி நெடுங்கோட்டுக்கு மேலே நின்றால் பிழை கூடுதல் பக்கம், கீழே நின்றால் குறைவுப் பக்கம்.

பழைய மீட்டர் | ஜூன் 3, இரவு 10.21

குறைவுப் பிழை என்பதே புத்தகக்காரர்கள் கிளப்பிவிட்டது. இரண்டு இரும்பு முகங்கள் முட்டிவிட்டால் முட்டியதுதான். அதற்கு மேல் ஒன்றுக்குள் ஒன்று புகுமா? சுழிக்குக் கீழே எப்படிப் போகும்? முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிழை எதுவானாலும் கழித்துத்தான் வேலை பார்த்தேன். ஒரு உருப்படியும் திரும்பி வந்ததில்லை.

லேத்துக்காரன் | ஜூன் 4, காலை 6.15

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். தலைகீழாக எழுதியிருக்கிறேன். நினைவில் இருந்து எழுதினால் இதுதான் கதி. இப்போது ஒரு கையில் டீயும் மறு கையில் மைக்ரோமீட்டரும் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்: திம்பிள் என் வலப்பக்கம் இருக்கும்படி பிடித்தால், சுழி நெடுங்கோட்டுக்கு மேலே நிற்பதுதான் குறைவுப் பிழை. கீழே நின்றால் கூடுதல்.

ஆனால் அதே கருவியைத் திம்பிள் இடப்பக்கம் வருமாறு திருப்பிப் பிடித்தால் மேல் கீழாகிவிடுகிறது. இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் குனிந்து அளக்கும்போது நாம் எப்படியெல்லாமோ பிடிக்கிறோம். அதனால் மேல், கீழ் என்று மனப்பாடம் செய்வதை விட்டுவிடு தம்பி. இப்படிச் செய்: வாயை மூடு. பிறகு மெல்லத் திற. திறக்கத் திறக்க எண்கள் கூடிக்கொண்டு போகும். 47, 48, 49 என்று போய் உடனே சுழி வந்தால், கருவி சுழிக்குப் பின்னால் கிடந்தது, பிழை குறைவு. மாறாக 3இல் தொடங்கி 4, 5 என்று போனால் சுழியைத் தாண்டி நின்றது, பிழை கூடுதல். எப்படிப் பிடித்தாலும் இது மாறாது.

பழைய மீட்டர் ஐயா, இரும்பு ஒன்றும் புகவில்லை. முகங்கள் முட்டும் இடம் ஒன்றுதான். கோடுதான் இடம் மாறி நிற்கிறது. வீட்டு நிலைக்கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியபோது விளிம்பு நிற்கும் இடத்தில் தரையில் ஒரு கோடு போட்டீர்கள். பத்து வருடத்தில் நிலைச்சட்டம் தேய்ந்துவிட்டது. இப்போது சாத்தினால் விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போகும். இதே மாதிரி நகராத ஆன்வில் முகமும் நகரும் ஸ்பிண்டில் முகமும் தேயத் தேய, முட்டுவதற்கு ஸ்பிண்டில் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டியிருக்கிறது. அப்போது திம்பிள் சுழியைக் கடந்துவிடும். பழைய கருவிகளில் கூடுதலைவிடக் குறைவுப் பிழையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் உருப்படி திரும்பி வராததற்குக் காரணம், உங்கள் கருவியில் பிழை கூடுதல் பக்கம் இருந்திருக்க வேண்டும். அதற்கு வெறுமனே கழிப்பது சரி.

சுருள் மதுரை | ஜூன் 4, காலை 11.05

எனக்கும் இதே பிரச்சினை. மோட்டார் காயில் கட்டுகிறேன். என்னுடையது மூடினால் 3 காட்டுகிறது. எரிந்த மோட்டாரில் இருந்து எடுத்த கம்பியின் வார்னிஷைச் சுரண்டிவிட்டு அளந்தேன், 0.74. இங்கே சொன்னபடி மூன்றைக் கூட்டினால் 0.77. 22 கேஜ் கம்பி 0.711, 21 கேஜ் 0.813. நடுவில் எந்தக் கம்பியும் இல்லையே?

லேத்துக்காரன் | ஜூன் 4, மதியம் 1.30

அண்ணே, இதே பிரச்சினை இல்லை, நேர் எதிர். அந்தத் தம்பிக்குச் சுழியாக மூன்று கோடு. உங்களுக்குச் சுழி தாண்டி மூன்று கோடு. உங்கள் பிழை +0.03, எனவே கழிக்க வேண்டும். 0.71. அது 22 கேஜ்.

கம்பியைச் சுரண்டிய கையோடு அளந்திருக்கிறீர்கள். முதலில் முகங்களைப் பாருங்கள். வாய் முழுதாக மூடவில்லை என்றாலும் 3 காட்டும்.

சுருள் மதுரை | ஜூன் 4, மாலை 4.40

சரிதான். ஆன்வில் ஓரத்தில் வார்னிஷ் செதில் ஒன்று ஒட்டியிருந்தது, கடுகில் பாதிகூட இல்லை. துடைத்தேன், சுழிக்கு வந்துவிட்டது. கம்பி 0.71. இத்தனை நாளும் கருவி கெட்டுவிட்டது என்று மகனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ஆண்டு | ஜூன் 4, இரவு 8.55

இரண்டு செய்தி.

ஒன்று. நேற்று அந்த ஷாஃப்ட்டைத் தள்ளிய பிறகு இன்னும் நான்கு ஷாஃப்ட் கிரைண்டிங் ஆகியிருக்கிறது. மூன்று கோடு கழித்தபின் 20.01 வர வேண்டும் என்பதால், கருவி 20.04 காட்டும்போது நிறுத்தியிருக்கிறார்கள். இன்று காலை பேரிங் ஏற்றப் போனால் வாயிலேயே நின்றுவிட்டது. சுத்தியலை எடுத்து வந்துவிட்டார்கள். நான் இந்த இழையை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு. சுருள் மதுரை அண்ணன் எழுதியதைப் பார்த்து நானும் முகங்களைத் துடைத்தேன். வெள்ளைத்தாளை நடுவில் வைத்து லேசாக மூடி, தாளை இழுத்து எடுத்தேன். எண்ணெய்க் கறை தாளில் வந்தது. மறுபடி மூடினேன். 47 போய் 46 ஆகிவிட்டது! துடைத்தால் பிழை குறைய வேண்டாமா? கூடிவிட்டதே. நான் எதையாவது கெடுத்துவிட்டேனா?

லேத்துக்காரன் | ஜூன் 4, இரவு 9.30

நீ எதையும் கெடுக்கவில்லை. இது நல்ல அறிகுறி.

அழுக்கு எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருக்கும். அதனால் காட்டும் எண்ணைக் கூடுதல் பக்கம்தான் தள்ளும். உன் கருவியின் உண்மையான பிழை −0.04. எண்ணெயும் தூசும் சேர்ந்த படலம் ஒரு கோடு அளவுக்கு வாயைப் பிரித்து வைத்து, −0.03 போலக் காட்டியிருக்கிறது. குறைவுப் பிழை உள்ள கருவியைத் துடைத்தால் பிழை பெரிதாகும், அல்லது அப்படியே இருக்கும். துடைத்த பிறகு சுழிக்கு வந்தது என்று யாராவது சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

இப்போது ஒரு வேலை செய். தொட்டியில் கிடந்த ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி அள. என்ன வரும் என்று நான் இப்போது சொல்லப் போவதில்லை.

அந்த நான்கு ஷாஃப்ட்டும் இப்போது 20.07 இருக்கும். கருவியில் இருந்தது மூன்று கோட்டுப் பிழை. அதை எதிர்ப்பக்கம் திருத்தியதால் ஆறு கோடாகிவிட்டது. திருத்தாமலே விட்டிருந்தால்கூடப் பாதிதான் கெட்டிருக்கும். அதிகமாக இருப்பதால் தப்பித்தீர்கள், மறுபடி சாணையில் விட்டு இறக்கிவிடலாம். குறைந்திருந்தால் அவ்வளவுதான்.

ஆய்வகம் 2 | ஜூன் 5, காலை 7.20

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அந்த 100 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன், பழி எங்கள் மீதுதான். பள்ளி ஆய்வகத்துத் திருகு அளவியில் தலைக்கோலில் 100 பிரிவு, புரியிடைத் தூரம் 1 மி.மீ. அதில் மூடும்போது 95 பொருந்தினால் சுழிப்பிழை −5, திருத்தம் +5 என்று எழுதச் சொல்வோம். மாணவர்களுக்கு 100 என்ற எண்தான் மனத்தில் நிற்கிறது. அது அந்தத் தலைக்கோலில் உள்ள பிரிவுகளின் எண்ணிக்கை என்பது நிற்பதில்லை. 50 பிரிவுள்ள கருவி ஒன்றைக் கையில் கொடுத்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். சுழி மேலே இருந்தால் எதிர்க்குறி என்பதைப் படம் வரைந்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். திறக்கும்போது சுழி வருகிறதா என்று பார்க்கும் வழி எளிமையாக இருக்கிறது. நாளை வகுப்பில் செய்து பார்ப்பேன்.

ஒரு சந்தேகம். 47 என்பது உண்மையிலேயே +0.47 ஆக இருக்க வாய்ப்பே இல்லையா?

லேத்துக்காரன் | ஜூன் 5, காலை 7.45

இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், டீச்சர். கிட்டத்தட்ட அரை மி.மீ. அளவுக்கு ஸ்லீவ் வெளியே தெரியும். முகங்களுக்கு நடுவே வெளிச்சமும் தெரியும். −0.03 என்றால் திம்பிளின் விளிம்பு ஸ்லீவின் சுழிக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மூன்று கோடு உள்ளே போயிருப்பது கண்ணுக்குப் படாது. எனவே பெரிய குழப்பத்தைத் தீர்க்க ஸ்லீவ், சிறிய பிழையை எண்ணத் திம்பிள்.

பழைய மீட்டர் | ஜூன் 5, காலை 10.10

கதவு உதாரணம் புரிந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பட்டறையில் எல்லோரும், அழுத்தம் மீறாமல் நழுவிக்கொடுக்கும் ராட்செட்டை விட்டுவிட்டுத் திம்பிளைப் பிடித்துத்தான் இறுக்குவோம். கை பழகியவனுக்கு ராட்செட் எதற்கு?

லேத்துக்காரன் | ஜூன் 5, காலை 10.40

கை பழகியது உங்களுக்கு. அடுத்த ஷிப்டில் வருகிறவனுக்குப் பழகியிருக்கிறதா?

கொஞ்ச நேரத்துக்கு முன்பு செய்து பார்த்தேன். ராட்செட்டைச் சுற்றி மூன்று முறை "டிக்" சத்தம் வந்ததும் விட்டேன், சுழியில் நின்றது. பிறகு திம்பிளைப் பிடித்து வால்வு மூடுவது போல் இறுக்கினேன், 48. கருவி ஒன்றுதான், முகமும் சுத்தம். அந்த வளைந்த சட்டம்தான் விரிந்து கொடுக்கிறது. ராட்செட் கொடுக்கும் அழுத்தம் பொதுவாக 5 முதல் 10 நியூட்டன் வரை. கையால் இறுக்கினால் அதைப்போல் பல மடங்கு போகும்.

இதனால் வரும் வேடிக்கை என்னவென்றால், ஒருவர் சுழியைத் திம்பிளால் இறுக்கிப் பார்த்து −0.02 என்று எழுதுகிறார். பிறகு வேலைப்பொருளை ராட்செட்டால் மென்மையாகப் பிடிக்கிறார். கருவியில் இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருக்கிறார். எந்தக் கையால் சுழி பார்த்தோமோ, அதே கையால், அதே ராட்செட்டால் அளக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு | ஜூன் 5, இரவு 9.05

அளந்துவிட்டேன். துடைத்த கருவியில் ஷாஃப்ட் 19.97 காட்டுகிறது. பிழை −0.04. ஆகவே 19.97 + 0.04 = 20.01.

பிழையும் மாறியது, காட்டியதும் மாறியது, விடை மட்டும் மாறவில்லை! முந்தாநாள் அழுக்கோடு அளந்ததும் சரியாகத்தான் வந்திருக்கிறது. அப்படியென்றால் துடைப்பது எதற்கு?

லேத்துக்காரன் | ஜூன் 5, இரவு 9.20

இதைத்தான் நேற்றுச் சொல்லாமல் விட்டேன். சுழி பார்க்கும்போது இருந்த அழுக்கே அளக்கும்போதும் அதே இடத்தில் அதே கனத்தில் இருந்தால் இரண்டும் அடிபட்டுப் போகும். உனக்கு அப்படி நடந்தது அதிர்ஷ்டம். ஷாஃப்ட்டை வாய்க்குள் நுழைக்கும்போது அதன் விளிம்பு அந்தப் படலத்தை வழித்துக்கொண்டு போயிருந்தால், சுழி −0.03 என்றும் ஷாஃப்ட் 19.97 என்றும் வந்திருக்கும். விடை 20.00. உன் வரைபடத்தின்படி அதுவும் தள்ளுபடிதான்.

அளவறை | ஜூன் 6, காலை 8.30

ஒரு தொழிற்சாலையின் அளவறையில் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எல்லோரும் சுழியையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பையனுக்கு வேண்டிய அளவு 20இல் இருக்கிறது, சுழியில் இல்லை.

சுழியில் −0.04 என்றால் 20இலும் −0.04 என்று எடுத்துக்கொண்டுதான் கூட்டுகிறீர்கள். கோடு மட்டும் இடம் மாறியிருந்தால் அது சரி. ஆனால் திருகின் புரி ஒரு பகுதியில் மட்டும் தேய்ந்திருந்தால் பிழை இடத்துக்கு இடம் வேறாக இருக்கும். ஒரே வகை வேலைக்கே பயன்பட்ட கருவிகளில் அந்த அளவைச் சுற்றித்தான் தேய்மானம் இருக்கும். பட்டறையில் துல்லிய அளவுக்கட்டையான 20 மி.மீ. ஸ்லிப் கேஜ் இருந்தால் அதை இதே கருவியில் அளந்து பார்க்கட்டும். என்ன காட்டுகிறதோ, அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. சுழியையே பார்க்க வேண்டாம்.

நாங்கள் முழுதாகச் சரிபார்க்கும்போது 5, 10, 15 என்று மட்டும் வைப்பதில்லை. 5.1, 10.3, 12.9, 17.6 என்று வைப்போம். 5, 10, 15 எல்லாம் அரை மி.மீ.இன் மடங்குகள் என்பதால் எப்போதும் திம்பிளின் சுழியிலேயே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் திம்பிள் மற்ற இடங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

சுழித்திருத்தம் தொடாத இன்னொன்றும் உண்டு. முகங்கள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தால், மூடும்போது ஓரங்கள்தான் முட்டும். சுழி ஒழுங்காகக் காட்டும். அதில் பேரிங் குண்டு ஒன்றை அளந்தால் குண்டு குழிக்குள் உட்கார்ந்து அளவைக் குறைத்துக் காட்டும். தட்டையான பொருளை வைத்தால் அது ஓரங்களில் நிற்கும், சரியாகக் காட்டும். குண்டு ஒரு விடையும் ஸ்லிப் கேஜ் ஒரு விடையும் சொன்னால் கோட்டைத் திருகாதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டு | ஜூன் 6, இரவு 9.40

பெட்டியில் ஒரே ஒரு 20 ஸ்லிப் கேஜ் இருந்தது. வேஸ்லின் பூசித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். துடைத்து, ஷாஃப்ட்டையும் அதையும் ஒரே மேசையில் அரை மணி நேரம் போட்டுவிட்டு அளந்தேன். ஸ்லிப் கேஜ் 19.96இல் இல்லை, 19.97இலும் இல்லை. நடுவில், 19.96க்கு நெருக்கமாக நிற்கிறது. ஷாஃப்ட் சரியாக 19.97. அப்படியென்றால் ஷாஃப்ட் 20.01க்குக் கொஞ்சம் குறைவு. 20.007 என்று சொல்லலாமா?

லேத்துக்காரன் | ஜூன் 6, இரவு 10.00

அரை மணி நேரம் போட்டு வைத்தாய் பார், அதற்கு ஒரு சபாஷ். சாணையில் இருந்து சூடாக எடுத்த ஷாஃப்ட் அறையைவிட 15 டிகிரி கூடுதலாக இருந்தால், 20 மி.மீ.க்கு 0.003 மி.மீ.க்கும் கொஞ்சம் கூடுதலாக விரிந்திருக்கும். அதைச் சுழித்திருத்தம் எடுக்காது.

20.007 என்று எழுதலாம், ஆனால் அந்த 7 உன் கண் சொன்னது, கருவி சொன்னதில்லை. வரம்புக்குள் இருக்கிறது என்ற மட்டில் நம்பலாம்.

அளவறை | ஜூன் 7, காலை 8.10

நான் நம்ப மாட்டேன். வரம்பின் அகலமே 0.013. ஒரு கோட்டுக்கு 0.01 காட்டும் கருவியை வைத்து அதற்குள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 0.001 காட்டும் கருவியோ கம்பரேட்டரோ வேண்டும்.

லேத்துக்காரன் | ஜூன் 7, காலை 8.50

கருவி இருக்கிறவர்கள் பேசுவார்கள். சின்னப் பட்டறையில் இதுதான் இருக்கிறது. ஸ்லிப் கேஜோடு ஒப்பிட்டு, பிறகு பேரிங் ஏறும் விதத்தையும் பார்த்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.

ஆய்வகம் 2 | ஜூன் 7, மாலை 5.15

இவ்வளவு பேசுவதற்குப் பதில், சாவியால் ஸ்லீவைத் திருப்பிச் சுழிக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன? பெட்டியில் வளைந்த சாவி ஒன்று தருகிறார்களே.

லேத்துக்காரன் | ஜூன் 7, மாலை 6.00

நான் அதைத்தான் செய்வேன். வாயைச் சுத்தமாக மூடி, ஸ்பிண்டிலைப் பூட்டி, ஸ்லீவின் துளையில் சாவியை மாட்டி, நெடுங்கோட்டைத் திம்பிளின் சுழிக்கு எதிரே கொண்டுவருவேன். பிறகு பூட்டைத் திறந்து, மூன்று நான்கு முறை ராட்செட்டால் மூடிப் பார்ப்பேன். மனிதன் ஷிப்டுக்கு இருநூறு முறை அளக்கிறான். ஒவ்வொரு முறையும் நான்கைக் கூட்டு என்றால் நூற்றுத்தொண்ணூறாவது முறை மறப்பான்.

அளவறை | ஜூன் 7, இரவு 7.30

ஒரு கோடு என்றால் திருப்புங்கள். நான்கு கோடு என்றால் ஸ்லீவைச் சுற்றளவில் சுமார் 29 டிகிரி திருப்ப வேண்டும். நெடுங்கோடு கண்ணுக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் போய்விடும். பிறகு சாய்ந்து பார்த்தே ஒரு கோடு தவறவிடுவீர்கள். அவ்வளவு பெரிய பிழைக்குப் பின்னால் உள்ள ராட்செட்டைத் தளர்த்தித் திம்பிளையே கழற்றி மாட்ட வேண்டும். அதைப் பழகியவர் செய்யட்டும்.

அதோடு, எங்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு −0.01, இந்த ஆண்டு −0.04 என்றால் அந்தக் கருவி தேய்ந்துகொண்டே போகிறது, அல்லது யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஷிப்டும் சாவியால் திருப்பிச் சுழியாக்கிவிட்டால் அது யாருக்குமே தெரியாது. சரிபார்ப்புக்கு வரும்வரை தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

லேத்துக்காரன் | ஜூன் 7, இரவு 8.00

இதில் நானும் நீங்களும் ஒத்துப்போக மாட்டோம். போகட்டும்.

ஸ்லீவைத் திருப்பாமலே சுழியைக் கெடுத்த கதை என்னிடம் ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வாங்கிய புதிதில், வாயை மூடிச் சுழிப் பொத்தானை அழுத்தினேன். நடுவில் துணியின் நூல் ஒன்று இருந்திருக்கிறது. அன்று முழுக்க எல்லா உருப்படியும் குறைவாகவே வந்தது. ஊட்டத்தைக் குறைத்துக் குறைத்து அளவை ஏற்றினேன். மாலையில் துடைத்துவிட்டு மூடினால் திரையில் −0.018. கோட்டுக் கருவியில் 47ஐப் பார்த்துக் குழம்பலாம். இதில் கழித்தல் குறியே எழுதிக் காட்டுகிறது, ஆனால் காலையில் நான் துடைத்துவிட்டு மறுபடி வாயை மூடிப் பார்க்கவில்லை.

இரண்டாம் ஆண்டு | ஜூன் 9, இரவு 9.25

தொட்டியில் இருந்து எடுத்த ஷாஃப்ட்டில் பேரிங் ஏறிவிட்டது. கையால் போகவில்லை, அழுத்தி ஏற்றினோம், ஒழுங்காக உட்கார்ந்தது. நான்கில் மூன்றை இறக்கிவிட்டார்கள். ஒன்றில் சுத்தியல் பட்ட இடம் பிதுங்கியிருந்ததால் தள்ளிவிட்டார்கள்.

புதிய பிரச்சினை ஒன்று. மேற்பார்வையாளர் மைக்ரோமீட்டர் பெட்டியின் மூடியில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக −4 என்று எழுதி வைத்தார். இரவு ஷிப்டில் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு எல்லா அளவிலும் நான்கைக் கழித்திருக்கிறார்.

ஆய்வகம் 2 | ஜூன் 9, இரவு 9.50

பிழையை எழுதியிருக்கிறார், இவர் திருத்தம் என்று படித்துவிட்டார். என் மாணவர்களின் பதிவேட்டில் வாரம் ஒருமுறை பார்ப்பது இது.

பழைய மீட்டர் | ஜூன் 9, இரவு 10.05

"நான்கு கூட்டு" என்று தமிழில் எழுதச் சொல் தம்பி. குறியே வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு | ஜூன் 10, காலை 6.50

எழுதினேன், ஐயா. அழித்துவிட்டு "0.04 கூட்டு" என்று எழுதினேன். இரவு ஷிப்ட்காரர் ஒடிசாவில் இருந்து வந்தவர், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இப்போது மூடியில் மேல்நோக்கி ஒரு அம்பு வரைந்து, பக்கத்தில் நான்கு கோடு போட்டிருக்கிறோம்.